ஏப்ரலில் சென்னையிலிருந்து மாமனார் மாமியார் வருகிறார்கள்: பினாங்கு வெயிலுக்கு இந்த அட்டவணை சரிவருமா?

பாயான் லெப்பாஸ் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் முதல் வாரம் என் மாமனாரும் மாமியாரும் சென்னையிலிருந்து வருகிறார்கள். மாமாவுக்கு 70 வயது, மாமிக்கு 66. கூடவே என் 6 வயது மகனும் இருப்பான். ஐந்து நாள் தங்குகிறார்கள், எங்கள் வீட்டில்தான். வெயில் கடுமையாக இருக்கும் என்று மாமாவே ஓர் அட்டவணை போட்டு அனுப்பியிருக்கிறார். 5 மணிக்கு எழுந்து 6 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புவது, 11 மணிக்குள் சுற்றி முடிப்பது, 12 மணிக்குச் சாப்பாடு, தூக்கம், 3:30க்கு மறுபடி வெளியே, இரவு 8 மணிக்கு வீடு. சென்னையில் சித்திரை வெயிலை இப்படித்தான் ஓட்டுவார்களாம். பார்க்க வேண்டியவை தண்ணிமலை, கொடிமலை, கெக் லோக் சி, லிட்டில் இந்தியா, சீனர் படகுத்துறை. எல்லா நாளும் காலையும் மாலையும் டவுனுக்குப் போய் வர நினைத்திருக்கிறோம். எங்கே மாற்ற வேண்டும்?

கப்பித்தான் தெருக்காரர்

மாமா போட்ட அட்டவணை சென்னைக்குச் சரியானது. பினாங்குக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் தப்பு. நம் கடிகாரம் சூரியனை விட முன்னால் ஓடுவதுதான் காரணம்.

1982 ஜனவரி 1 முதல் தீபகற்பம் முழுவதும் கிழக்கு மலேசியாவின் நேரத்தைப் பின்பற்றுகிறோம். அந்த நேரம் 120 டிகிரி தீர்க்கரேகைக்குப் பொருந்தியது. பினாங்கு இருப்பதோ 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே. ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம் என்று கணக்குப் போட்டால், சூரியன் இங்கே உச்சிக்கு வர மதியம் 1:20 ஆகிவிடும். சென்னையில் அது 12:10 அளவில் நடந்துவிடுகிறது. ஏப்ரல் முதல் வாரம் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும் நாட்கள் வேறு. 1:20க்குத் திடலில் நின்றால் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடக்கும்.

இப்போது அட்டவணையைப் பாருங்கள். காலை 6 மணிக்குக் கிளம்பினால் கும்மிருட்டு. அந்த வாரத்தில் சூரியன் உதிப்பதே 7:15க்குப் பிறகுதான். சாயங்காலம் 3:30க்கு வெளியே வந்தால் அது சென்னையின் 2:20 வெயில். மாமா எதைத் தவிர்க்க நினைத்தாரோ அதற்குள்ளேயே நேராக நடந்து போகிறார். அந்தி சாய்வதும் 7:25க்கு மேல்தான், ஆகவே 8 மணிக்கு வீடு திரும்பினால் நல்ல நேரத்தை விட்டுவிட்டு வருகிறீர்கள்.

எளிய அளவுகோல் ஒன்று உண்டு. பள்ளிவாசலில் லுஹர் பாங்கு ஒலிப்பது சூரியன் உச்சியைத் தாண்டிய உடனே. அஸர் பாங்கு, ஒரு பொருளின் நிழல் அதன் உயரத்துக்குச் சமமாக நீண்ட பிறகு. ஏப்ரலில் அது 4:30ஐ ஒட்டி வரும். ஆகவே அஸர் பாங்குக்கு முன் வயதானவர்களை வெட்ட வெளியில் நடக்க வைக்காதீர்கள். காலையில் இதே கணக்கு திருப்பி வரும். உங்கள் நிழல் உங்களை விடக் குட்டையாக ஆகும் நேரம் 10:20. அதற்குள் வெயிலில் நடக்கும் வேலை முடிந்திருக்க வேண்டும்.

செந்தூல் பையன்

பாங்கு கணக்கு கேஎல்லுக்கும் பொருந்துமா அண்ணே? பத்துமலைக்கு அழைத்துப்போகிறவர்கள் எல்லாம் 11 மணிக்குப் போய் 272 படி ஏறுகிறார்கள்.

கப்பித்தான் தெருக்காரர்

பொருந்தும். கேஎல் கொஞ்சம் கிழக்கே இருப்பதால் ஐந்தாறு நிமிடம் முந்தும், அவ்வளவுதான்.

ஆயர் ஈத்தாம் அண்ணே

ஒன்றை யாரும் சொல்லவில்லை. காலையில்தான் ஈரப்பதம் அதிகம். விடியற்காலை 90 சதவீதத்துக்கு மேல் இருக்கும், மதியம் 60 அளவுக்கு இறங்கிவிடும். ஈரம் அதிகமாக இருந்தால் வியர்வை காயாது, புழுக்கம்தான். அதனால் காலை 7 மணிக்குப் படி ஏறுவது நல்லது என்பதெல்லாம் கட்டுக்கதை. மதியம் காற்று காய்ந்துதான் இருக்கும். குடை பிடித்துக்கொண்டு மதியமே போகலாம்.

கப்பித்தான் தெருக்காரர்

பாதி சரி. அந்த எண்களில் தப்பில்லை. ஆனால் மதியம் காற்றிலிருந்து ஈரம் எங்கும் போய்விடவில்லை. சூடான காற்று அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால் அதே அளவு ஈரம் குறைந்த சதவீதமாகத் தெரிகிறது. வியர்வைக்கு இரண்டு வேளையும் ஏறக்குறைய ஒரே காற்றுதான்.

மாறுவது வேறு. பினாங்கில் காலைக்கும் மதியத்துக்கும் நிழலில் உள்ள வெப்ப வித்தியாசம் ஏழெட்டு டிகிரிதான், 25லிருந்து 32, 33 வரை. உடம்பை முறிப்பது மேலிருந்து இறங்கும் வெயிலும், தார்ச்சாலையும் சிமெண்டும் திருப்பி அடிக்கும் சூடும். அதனால்தான் இங்கே கடிகாரம் எவ்வளவு முக்கியமோ நிழலும் அவ்வளவு முக்கியம். லிட்டில் இந்தியாவில் கடைவீட்டு காக்கி லீமாவுக்குள் 11 மணிக்கும் நடக்கலாம். சீனர் படகுத்துறையின் பலகைப் பாதையில் கடல் பக்கம் போகப் போக ஒதுங்க இடமில்லை, 9:30க்கே போதும் என்றாகிவிடும். கோர்ன்வாலிஸ் கோட்டையும் அப்படித்தான், திறந்த புல்வெளி. நேரத்தைப் பிரிக்கும்போது இடத்தின் நிழலைப் பார்த்துப் பிரியுங்கள். நிழலே இல்லாத இடம் முதலில், காக்கி லீமா உள்ள தெரு கடைசியில்.

ஒரு குறை சொல்ல வேண்டும். காக்கி லீமாவில் பாதி இடத்தில் மோட்டார் சைக்கிளும் கடைச் சாமானும் அடைத்துக் கிடக்கும். தெருவில் இறங்கி ஏற வேண்டியிருக்கும், தரைமட்டமும் வீட்டுக்கு வீடு மாறும். முட்டிவலி உள்ளவர்களுக்கு இது வெயிலை விடத் தொல்லை.

பாயான் லெப்பாஸ் மருமகள்

புரிகிறது. அப்படியென்றால் 7:15க்குக் கிளம்பி 10:20க்குள் முடிப்பது, 4:30க்குப் பிறகு வெளியே போவது. இப்படி மாற்றினால் போதுமா?

விமான நிலையத்துத் தங்கச்சி

போதாது அக்கா. நேர வித்தியாசத்தை மறந்துவிட்டீர்கள். சென்னை நேரம் நம்மை விட இரண்டரை மணி நேரம் பின்னால். நீங்கள் 6 மணிக்கு எழுப்பினால் அவர்கள் உடம்புக்கு அது விடிகாலை 3:30. மதியம் 2 மணிக்குப் படுக்கச் சொன்னால் அவர்களுக்கு 11:30, தூக்கமே வராது. 12 மணிக்கு இலை போட்டால் அவர்களுக்கு 9:30, பசியாறி முடித்த நேரம்.

ஆனால் மாலையில் இதே வித்தியாசம் உங்கள் பக்கம். இரவு 10 மணிக்கு அவர்களுக்கு 7:30தான், நன்றாக விழித்திருப்பார்கள். முதல் இரண்டு நாளைக்குக் காலையை அடியோடு விட்டுவிடுங்கள். அவர்கள் தானாக எழட்டும், 8:30 அல்லது 9 ஆகும். வீட்டிலேயே பசியாறட்டும். வெளியே போவதை முழுவதும் மாலைக்குத் தள்ளுங்கள். மூன்றாம் நாளிலிருந்து சீக்கிரம் கிளம்பலாம், அதற்குள் உடம்பு கொஞ்சம் பழகியிருக்கும். கிழக்கு நோக்கி வருகிறவர்களுக்குத் தூக்கம் முன்னால் நகரத் தாமதமாகும். முதல் நாளே 5 மணிக்கு அலாரம் வைத்தால் மூன்று நாள் தூக்கமில்லாமல் வெயிலில் அலைவார்கள்.

கப்பித்தான் தெருக்காரர்

இது என் கணக்கில் விட்டுப்போனது. தங்கச்சி சொல்வதுதான் சரி. ஊர்க்காரர்களுக்குக் காலை நல்லது, சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு முதல் இரண்டு நாள் மாலை நல்லது. சாப்பாட்டையும் 1:45க்குத் தள்ளுங்கள். வாழை இலைக் கடைகளில் 12:30 முதல் 1:30 வரை அலுவலகக் கூட்டம். அது கலைந்த பிறகு உட்கார்ந்தால் யாரும் பின்னால் நின்று இடத்துக்குக் காத்திருக்க மாட்டார்கள். மாமாவுக்கும் அப்போதுதான் பசிக்கும். வெள்ளிக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் பக்கம் ஜும்ஆ நேரத்தில் காடி நிறுத்த இடமே இருக்காது, சில கடைகளும் சாத்தியிருக்கும். அன்றைக்கு மதியம் டவுனே வேண்டாம்.

ஈப்போ சித்தி

நாங்கள் மே மாதம் மதுரைக்குப் போகிறோம். இங்கே சொன்ன மாதிரி 4:30க்குக் கிளம்பினால் போதும்தானே?

கப்பித்தான் தெருக்காரர்

இல்லை சித்தி, அது வேறு வகை வெயில். அங்கே மே மாதம் 38, 40 டிகிரிக்குப் போகும். காற்றே சுடும்போது நிழல் மட்டும் காப்பாற்றாது. கடிகாரமும் எதிர்ப்பக்கம் நகரும். சூரியன் 6 மணிக்கு முன்பே வந்துவிடும், உச்சி 12:15க்குள். மலேசிய உடம்புக்கு அங்கே அதிகாலையில் எழுவது கஷ்டமே இல்லை, 5 மணி என்றால் உங்களுக்கு 7:30. ஆகவே 6 மணிக்கே மீனாட்சி அம்மன் கோயில், 9:30க்குள் அறைக்குத் திரும்புங்கள். மதியம் கோயிலும் நடை சாத்திவிடும். மாலை 4:30க்குச் சுவரும் கல்லும் இன்னும் கொதிக்கும், 6 மணிக்கு மேல் கிளம்புங்கள். இரவு 9 மணிக்கு உங்கள் உடம்புக்கு 11:30 ஆகியிருக்கும், அதை நீட்டாதீர்கள்.

கொடிமலை ரசிகன்

மருமகள் அக்கா, மதியத்துக்கு ஏன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும்? கொடிமலை மேலே ஐந்து டிகிரி குறைவாக இருக்கும். 10 மணிக்கு ஏறி, மேலேயே சாப்பிட்டு, 5 மணிக்கு இறங்குங்கள்.

கப்பித்தான் தெருக்காரர்

ஒரு நாளைக்கு நல்ல யோசனை, ஆனால் 10 மணிக்கு வேண்டாம். மலை உச்சி குளிர்ச்சி, அடிவார நிலையத்து வரிசை குளிர்ச்சி இல்லை. வார இறுதியிலும் பள்ளி விடுமுறையிலும் வயதானவர்கள் நின்று சோர்வது அந்த வரிசையில்தான். வார நாளில், 8:30க்குள் அடிவாரத்தில் இருங்கள். மேலே காற்று குளிர்ந்தாலும் வெயில் குறைவதில்லை, தொப்பி வேண்டும். இறங்குவதை 3 மணிக்குள் வைத்தால் நல்லது. மாலைக் கூட்டமும் ஏப்ரல் மழையும் ஏறக்குறைய சேர்ந்தே வரும்.

மேலே காலை நீட்டிப் படுக்க இடமில்லை என்பதும் நினைவிருக்கட்டும். பேரங்காடிக்குள் மதியத்தைக் கழிப்பதிலும் இதே குறைதான். குளிர் கிடைக்கும், ஓய்வு கிடைக்காது. 70 வயதுக்காரர் மதியம் படுக்காவிட்டால் மாலை 6 மணிக்குத்தான் அது தெரியும், நடை தளர்ந்துவிடும்.

ஆயர் ஈத்தாம் அண்ணே

வீடு பாயான் லெப்பாஸில் என்கிறாரே. காலையும் மாலையும் டவுன் என்றால் ஒரு நாளைக்கு நான்கு பயணம். இதைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

கப்பித்தான் தெருக்காரர்

அண்ணே சொல்வது முழுக்கச் சரி, நானே முதலில் கேட்டிருக்க வேண்டும். மதிய ஓய்வு, படுக்கை 15 நிமிடத் தொலைவில் இருந்தால்தான் வேலை செய்யும். பாயான் லெப்பாஸிலிருந்து டவுனுக்கு நெரிசல் சேர்த்தால் 40 நிமிடம்கூட ஆகும். போக வர 80 நிமிடத்தைக் கொடுத்து ஒரு மணி நேரம் தூங்குவதில் பயனில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறை டவுன், அதுவும் மாலையில். காலையில் போவது ஆயர் ஈத்தாம் பக்கமோ, வீட்டுப் பக்கமே உள்ள பாம்புக் கோயிலோ.

மாலையில் இன்னொரு பொறி உண்டு. தொழிற்பேட்டை விடும் நேரம் 5 முதல் 6:30 வரை, லிம் சோங் யூ நெடுஞ்சாலை நகராது. 4:15க்கே கிளம்புங்கள். காடிக்குள் குளிர்சாதனம் இருப்பதால் வெயில் அங்கே பொருட்டில்லை, 5 மணிக்குப் போய் இறங்கும்போது நிழல் நீண்டிருக்கும். காடியைக் கூரையுள்ள இடத்தில் நிறுத்துங்கள். டவுனுக்குள் இலவச கேட் பேருந்து ஓடுகிறது, குளிர்சாதனம் உண்டு. இரண்டு நிறுத்தத் தூரத்தையும் அதில் போங்கள்.

ஐந்து நாளையும் நான் இப்படிப் போடுவேன். முதல் நாள் இறங்கி ஓய்வு, மாலை 5 மணிக்கு லிட்டில் இந்தியா, மகா மாரியம்மன் கோயில் மாலை பூசை, சாப்பாடு, இரவு 9:30 வரை. இரண்டாம் நாளும் காலை வீடு. மாலை 5:15க்குப் படகுத்துறை, பிறகு பாடாங் கோத்தா கடற்கரைக் காற்று. மூன்றாம் நாள் 7:45க்குக் கிளம்பி, திறக்கும் நேரத்திலேயே கெக் லோக் சி. குவான் யின் சிலை நிற்கும் மேல்தளம் வெட்ட வெளி, அதை முதலில் மின்தூக்கியில் போய் முடித்துவிட்டுக் கீழே உள்ள நிழலான மண்டபங்களுக்கு இறங்குங்கள். 10:30க்கு வீடு, மாலை வெளியே எதுவும் வேண்டாம். நான்காம் நாள் கொடிமலை. ஐந்தாம் நாள் காலை தண்ணிமலை. இதில் கடைசி மூன்று நாள் மாலை காலியாக இருக்கிறது, அது வேண்டுமென்றே விட்டது. எந்த மாலை மழையில் போனாலும் அங்கே நகர்த்திக்கொள்ளலாம்.

தண்ணிமலைப் படி

தண்ணிமலைக்குக் காலை வேண்டாம் என்பேன். கோயில் மலையின் கிழக்குப் பக்கம். காலை வெயில் நேரே முகத்திலும் படியிலும் விழும். மாலை 5:30க்குப் பின்னால் உள்ள மலையே நிழல் கொடுக்கும், சூரியன் அந்தப் பக்கம் சீக்கிரம் மறைந்துவிடும். 513 படியை நிழலில் ஏறுவதுதான் சுகம்.

கப்பித்தான் தெருக்காரர்

நிழல் விஷயத்தில் நீங்கள் சொல்வது உண்மை. நான் காலை சொன்னதற்கு இரண்டு காரணம். பகல் முழுவதும் வெயில் குடித்த தளம் மாலையில் சூடு விடும், மேலே காலணியைக் கழற்றிய பிறகு அது பாதத்தில் தெரியும். ஏப்ரலில் இடியும் மாலையில்தான், மலைப்படியில் அந்த நேரம் சிக்கிக்கொள்ளக் கூடாது. 7:30க்கு ஏறத் தொடங்கினால் சூரியன் இன்னும் தாழ்வாகவே இருக்கும், சூடு ஏறியிருக்காது. ஐம்பது படிக்கு ஒரு முறை நின்று ஏறினால் மாமாவுக்கு 40 நிமிடமாவது பிடிக்கும். முடியாவிட்டால் அடிவாரத்தில் இருக்கும் கோயிலில் கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தாவரவியல் பூங்காவின் மர நிழலுக்குப் போய்விடலாம்.

தண்ணிமலைப் படி

நான் இன்னமும் மாலைதான் என்பேன். மழை இல்லாத நாளைப் பார்த்துப் போனால் போதும்.

தாதி அக்கா

மாமாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதா? நீர் பிரிய மாத்திரை எடுக்கிறாரா? அட்டவணையை விட இதை முதலில் கேளுங்கள்.

பாயான் லெப்பாஸ் மருமகள்

ஆமாம் அக்கா, அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை, அதில் ஒன்று காலையில் நீர் பிரிய. அதனால் வெளியே போனால் தண்ணீரே குடிக்க மாட்டார், கழிவறை தேட வேண்டும் என்று.

தாதி அக்கா

அதுதான் ஆபத்து. வயதானவர்களுக்குத் தாகம் உணர்வதே குறையும். மாத்திரை நீரை வெளியே தள்ள, அவர் உள்ளே எதுவும் ஊற்றாமல் வியர்த்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுவார். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ நேரம் மாற்றவோ கூடாது. வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று அவருடைய மருத்துவரிடம் சென்னையிலேயே கேட்டு வரச் சொல்லுங்கள், இதயக் கோளாறு இருந்தால் அளவு உண்டு. அளவு எதுவும் சொல்லவில்லை என்றால் நடக்கும் நேரத்தில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒரு குவளை. அவர் கேட்கும் வரை காத்திருக்காதீர்கள், நீட்டுங்கள். மாத்திரை போட்ட பிறகு இரண்டு மூன்று மணி நேரம் கழிவறைப் பக்கம் இருக்கத்தான் வேண்டும். முதல் இரண்டு நாள் காலை வீட்டிலேயே என்பது இதற்கும் நல்லது. மூன்றாம் நாளிலிருந்து எந்த இடத்தில் கழிவறை என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், பிறகு குடிப்பார்.

அடையாளம் சொல்கிறேன். முதலில் தலைவலி, எரிச்சல், கால் பிடிப்பு. அப்போதே நிழல், தண்ணீர், உட்கார வைப்பது. நன்றாகப் பேசிக்கொண்டிருந்தவர் பேச்சைக் குறைத்தால் கவனியுங்கள். பதில் பொருந்தாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ காத்திருக்க வேண்டாம். 999 அழைத்துவிட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தடுமாறுபவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பையன் விஷயத்தில், விளையாட்டை நிறுத்திவிட்டுத் தூக்கச் சொல்வான், அதுவே முதல் குறிப்பு.

ஆயர் ஈத்தாம் அண்ணே

இளநீர் போதாதா?

தாதி அக்கா

குடிக்கலாம் அண்ணே, ஆனால் அழுத்த மாத்திரைகளில் சில பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். மாமாவுக்கு எந்த மாத்திரை என்று தெரியாமல் ஒரு நாளைக்கு மூன்று காய் வெட்டிக் கொடுக்காதீர்கள். சாதாரணத் தண்ணீர்தான் முதல்.

செந்தூல் பையன்

ஏப்ரல் மழையைச் சொன்னீர்கள். மாலைக்கு எல்லாவற்றையும் தள்ளிவிட்டு மாலையில் மழை பெய்தால்?

கப்பித்தான் தெருக்காரர்

இந்த அட்டவணையின் பலவீனம் அதுதான், மறைக்க முடியாது. பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகலில் மேகம் திரண்டு மாலையில் இடியோடு கொட்டுவது வழக்கம். பெரும்பாலும் ஒன்று இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். கிளம்பும் முன் 4 மணிக்கு வானிலை ஆய்வுத் துறையின் மைச்சுவாச்சா செயலியைப் பாருங்கள். இடி எச்சரிக்கை இருந்தால் படகுத்துறையை விட்டுவிட்டு, கூரையுள்ள லிட்டில் இந்தியாப் பக்கம் போங்கள். மழை விட்ட பிறகு தரை குளிர்ந்திருக்கும், இரவு 8 மணிக்குச் சூலியா தெருவில் அங்காடிக் கடைகளைச் சுற்றலாம். அவர்கள் உடம்புக்கு அது 5:30 தானே.

அதே செயலியில் வெப்ப எச்சரிக்கையும் வரும். ஒரு வட்டாரத்தில் மூன்று நாள் தொடர்ந்து 35 டிகிரிக்கு மேல் பதிவானால் முதல் நிலை. அது வந்தால் தண்ணிமலைப் படியை நீக்கிவிடுங்கள், காலையோ மாலையோ.

பாயான் லெப்பாஸ் மருமகள்

மாமாவிடம் இப்போதுதான் பேசினேன். 9 மணி வரை தூங்கலாம் என்றதை நம்பவில்லை, கடிகாரக் கணக்கைச் சொன்ன பிறகு சரி என்றார். மருத்துவரை வரும் வாரம் பார்க்கிறாராம், மாத்திரைப் பெயரை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். தண்ணிமலையைப் பற்றி மட்டும் மாமி, சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில்தான் மேலே இருக்க வேண்டும் என்கிறார். படி இறங்கும்போது இருட்டிவிடுமே, அங்கே வெளிச்சம் எப்படி?

தண்ணிமலைப் படி

படி நெடுக விளக்கு உண்டு. இருந்தாலும் மாமாவைக் கைப்பிடி உள்ள ஓரமாக இறக்குங்கள், கையில் ஒரு டார்ச் இருக்கட்டும். மழை பெய்த மாலை என்றால் படி வழுக்கும், அன்றைக்கு வேண்டாம்.